மறக்கும் மரமும் நினைவில் வைக்கும் நிலைகளும்

வீடியோ கேமில் எதிரிப் பாத்திரம் ஒன்று தப்பாக நடந்துகொண்டால் ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிவதற்குள் அது செத்துப்போகிறது. கூடவே வரும் துணைப் பாத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மணிக்கணக்காக ஆட்டக்காரரின் கண்முன்னால் நடக்கிறது, காத்திருக்கிறது, சுடுகிறது, விழுந்தவரைத் தூக்கிவிடுகிறது. கதவருகே ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாக இரண்டு முறை தடுமாறினால் போதும், அதன் உயிர்த்தன்மை போய்விடும். பிஹேவியர் ட்ரீயா, ஸ்டேட் மெஷினா என்ற பழைய வாதத்தில் பெரும்பகுதி எதிரிகளை மனத்தில் வைத்தே பேசப்பட்டது. துணைப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு வேறு மாதிரி விழுகிறது.

பிஹேவியர் ட்ரீக்குப் பெயர் வாங்கித் தந்தது 2004இல் வந்த ஹேலோ 2. அதன் செயற்கை அறிவை எழுதிய டேமியன் இஸ்லா, மறுஆண்டு கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் அந்த வடிவமைப்பை விளக்கிப் பேசினார். பிறகு அது பரவி, இன்று அன்ரியல் எஞ்சினுக்குள்ளேயே ஒரு கருவியாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேட் மெஷின் பழசு, மரம் புதுசு என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து பரவியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடலாம்.

ஒரு துணைப் பாத்திரத்துக்கு ஏழு வேலைகள் என்று வைத்துக்கொள்வோம்: சும்மா நிற்பது, பின்தொடர்வது, மறைவிடம் தேடுவது, சுடுவது, தோட்டா தேடி எடுத்துத் தருவது, விழுந்த ஆட்டக்காரரைத் தூக்கிவிடுவது, ஏணி ஏறுவது. ஸ்டேட் மெஷினில் ஒவ்வொரு வேலையும் ஒரு நிலை. எந்த நேரத்திலும் பாத்திரம் ஒரே ஒரு நிலையில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஓர் அம்பு வேண்டும். ஏழு நிலைகளுக்கிடையே அதிகபட்சம் 42 அம்புகள் போடலாம். எல்லாம் தேவைப்படாது. ஆனால் 'ஆட்டக்காரர் விழுந்துவிட்டார்' என்பது எந்த வேலையையும் நிறுத்த வேண்டிய செய்தி என்பதால், மற்ற ஆறு நிலைகளிலிருந்தும் தூக்கிவிடும் நிலைக்கு அம்பு வேண்டும். தோட்டா எடுக்கும் நிலையிலிருந்து மட்டும் போட மறந்தால், ஆட்டக்காரர் தரையில் துடித்துக்கொண்டிருக்க, துணைவர் மூலையில் நிதானமாகப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருப்பார். இந்தப் பிழை சோதனையில் எளிதில் சிக்காது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் வெளிப்படும்.

இதற்கு மருந்து மரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. டேவிட் ஹரெல் 1987இலேயே நிலைக்குள் நிலை வைக்கும் முறையை எழுதிவிட்டார். ஆறு நிலைகளையும் ஒரு பெரிய நிலைக்குள் போட்டு, அந்தப் பெரிய நிலையிலிருந்து ஒரே ஓர் அம்பு விட்டால் வேலை முடிந்தது. ஸ்டேட் மெஷினைக் குறை சொல்பவர்கள் பலர் 1987க்கு முந்தைய ஸ்டேட் மெஷினைத்தான் குறை சொல்கிறார்கள்.

இனி மரம். அதே துணைவரைச் சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

```
Selector
  Sequence: playerDown?  -> goTo(player) -> revive
  Sequence: enemyNear?   -> takeCover -> shoot
  Sequence: dist > 4?    -> goTo(player)
  idle
```

மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிளையையும் கேட்டுக்கொண்டு போவது `Selector`. எந்தக் கிளையின் நிபந்தனை முதலில் ஒத்துவருகிறதோ அது ஓடும். 'ஆட்டக்காரர் விழுந்தார்' என்பதை ஒரே இடத்தில், உச்சியில் எழுதினோம். கீழே எது ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெட்டப்படும். புதிதாக ஏணி ஏறுவதைச் சேர்க்க வேண்டுமா, ஒரு கிளையைச் செருகினால் போதும். மற்ற கிளைகளுக்கு அது இருப்பதே தெரியாது. ரோபோக்களுக்கான பிஹேவியர் ட்ரீ பற்றிப் புத்தகம் எழுதிய கொலெடான்சிஸும் ஓக்ரெனும் ஸ்டேட் மெஷினின் அம்பை, 1968இல் டைக்ஸ்ட்ரா சாடிய `goto` கட்டளையோடு ஒப்பிடுகிறார்கள். அம்பு போனால் போனதுதான். மரத்தில் கிளைக்குக் கொடுத்த கட்டுப்பாடு 'முடிந்தது', 'முடியவில்லை', 'ஓடுகிறது' என்ற ஒரு பதிலோடு திரும்பி வருகிறது. நியாயமான ஒப்பீடு. பெரிய குழு, அடிக்கடி மாறும் வடிவமைப்பு என்றால் இந்த ஒரு குணத்துக்காகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் அந்த மூன்றாவது கிளையைப் பாருங்கள். இடைவெளி 4 மீட்டருக்கு மேல் போனால் பின்தொடர். ஆட்டக்காரர் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபடி நடக்கிறார். இடைவெளி 4.1 ஆனதும் துணைவர் கிளம்புகிறார். இரண்டு எட்டு வைத்ததும் 3.9. நிபந்தனை பொய்யாகிவிட்டது, நிற்கிறார். ஆட்டக்காரர் இன்னோர் எட்டு வைக்கிறார், மறுபடி 4.1. கிளம்பும் அனிமேஷன் முடிவதற்குள் நிற்கும் அனிமேஷன் தொடங்குகிறது, அது முடிவதற்குள் மறுபடி கிளம்பும் அனிமேஷன். திரையில் தெரிவது, கால் வலிக்கு மருந்து தேய்த்துக்கொண்டு நடப்பவரைப் போன்ற ஓர் உருவம்.

மரத்துக்கு நினைவு இல்லை என்பதுதான் காரணம். 'இப்போது உலகம் எப்படி இருக்கிறது' என்று மட்டுமே அது கேட்கிறது. 'நான் இதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன்' என்று கேட்பதில்லை. ஸ்டேட் மெஷினில் அம்புக்குத் திசை உண்டு. போகும் வழிக்கு ஓர் எல்லை, வரும் வழிக்கு வேறோர் எல்லை:

```
IDLE:    dist > 6  -> FOLLOW
FOLLOW:  dist < 3  -> IDLE
```

இடைவெளி 4 மீட்டர் என்றால் துணைவர் என்ன செய்வார்? நடந்துகொண்டிருந்தால் நடப்பார், நின்றுகொண்டிருந்தால் நிற்பார். நடுக்கம் போய்விட்டது. மரத்திலும் இதைச் செய்யலாம்: 'பின்தொடர்கிறேன்' என்று ஒரு கொடியை பிளாக்போர்டில் எழுதிவைத்து, நிபந்தனையில் அதையும் கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் அந்தக் கொடிதான் நிலை. வேறு பெயரில், படத்தில் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கும் நிலை. தூக்கிவிட நான்கு விநாடி ஆகும், மூன்றரை விநாடி ஆனபோது எதிரி ஒருவன் பக்கத்தில் வந்தால் விட்டுவிட்டுத் துப்பாக்கி எடுக்கலாமா, முடித்துவிட்டு எடுக்கலாமா என்ற கேள்விக்கும் இன்னொரு கொடி. பத்துக் கொடிகள் சேர்ந்த பிளாக்போர்டு, அம்புகள் இல்லாத ஸ்டேட் மெஷின்தான். எது எதை மாற்றுகிறது என்று வரைபடமாகப் பார்க்கும் வசதி மட்டும் பறிபோயிருக்கும். அன்ரியலின் மரம் ஒவ்வொரு ஃபிரேமிலும் உச்சியிலிருந்து கேட்பதில்லை, நிபந்தனை மாறும்போதுதான் விழிக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அதனால் கணக்கு வேலை குறையும். 4 மீட்டர் எல்லையில் நிபந்தனையே மாறி மாறித் துள்ளுகிறபோது அது காப்பாற்றாது.

நடுக்கம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். கிளை மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு ஒரு வரி பதிவு செய்யுங்கள். ஒரே இரண்டு கிளைகள் விநாடிக்குப் பலமுறை மாறி மாறி வந்தால் பிழை முடிவெடுப்பதில். பதிவு அமைதியாக இருந்து கால் மட்டும் தடுமாறினால் அது பாதை தேடலிலோ அனிமேஷனிலோ இருக்கும் பிழை. அதற்கு மரத்தைத் திருத்திப் பயனில்லை.

வெட்டுவது சுலபம் என்று மரத்தைப் புகழ்ந்தேனே, அதற்கும் ஒரு விலை உண்டு. துணைவர் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார், ஆட்டக்காரரிடம் வீசப் போகிறார், அந்த நொடியில் ஆட்டக்காரர் விழுகிறார். உச்சிக் கிளை கீழ்க்கிளையை வெட்டுகிறது. பெட்டி என்ன ஆயிற்று? கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; துணைவர் அதைப் பிடித்தபடியே தூக்கிவிடுவார். ஸ்டேட் மெஷினில் நிலையை விட்டு வெளியேறும்போது ஓடும் ஒரு பகுதி உண்டு, பெட்டியைக் கீழே போடுவதை அங்கே எழுதுவது வழக்கம். மரத்திலும் வெட்டப்படும்போது செய்ய வேண்டியதை எழுத இடம் இருக்கிறது. ஆனால் அங்கே பெட்டியை எடுப்பது ஓர் இலை, வீசுவது இன்னோர் இலை. எடுத்த இலை வெற்றியோடு முடிந்து போய்விட்டது. வெட்டு விழுவது வீசும் இலையின் மேல். தான் எடுக்காத பெட்டியைத் தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று வீசும் இலைக்குத் தெரியாது. மரத்தின் பெருமையாகச் சொல்லப்படும் 'இலைகள் ஒன்றையொன்று அறியாத தன்மை' இங்கேதான் கடிக்கிறது. எடுப்பதையும் வீசுவதையும் சேர்த்து ஒரே இலையாக்குவதுதான் நான் கண்ட நேர்மையான தீர்வு. அப்படி ஆக்கினால் அந்த இலைக்குள் ஒரு குட்டி ஸ்டேட் மெஷின் முளைத்திருக்கும்.

இரண்டாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. பின்தொடர்வது என்று முடிவெடுத்தாயிற்று, எங்கே போய் நிற்பது? 2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் விளையாட்டின் எல்லி பாத்திரத்தைப் பற்றி, அதன் செயற்கை அறிவை எழுதிய மேக்ஸ் டிக்ஹாஃப் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதில் பெரும் உழைப்பு இந்தக் கேள்விக்கே போனது. ஆட்டக்காரரைச் சுற்றிப் பல இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அவருக்கு நேர்வழி திறந்திருக்கிறதா என்று கோடு போட்டுப் பார்த்து, மதிப்பெண் தந்து, நல்லதைத் தேர்ந்தெடுப்பது. எல்லி ஆட்டக்காரரை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளிப்போனால் எதிரிகளின் கண்ணில் படுவாள். அவ்வளவு செய்தும் சில நேரம் வெட்டவெளியில் மாட்டிக்கொள்வாள் என்பதால், ஆட்டக்காரர் பதுங்கியிருக்கும்வரை எதிரிகளுக்கு அவள் தெரியவே மாட்டாள் என்று வைத்துவிட்டார்கள். யதார்த்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அவள் செய்த தப்புக்கு ஆட்டக்காரர் சாகவில்லை. மரமா நிலையா என்ற வாதத்தில் வாரக்கணக்காக உட்காரும் குழுக்கள், அதில் பாதியை இந்த மதிப்பெண் கணக்குக்குக் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்கும்.

ஒரே ஒரு துணைப் பாத்திரம் என்றால் நான் பரிந்துரைப்பது இது: உச்சியில் நான்கைந்து நிலைகள் மட்டும் கொண்ட ஸ்டேட் மெஷின். உலவுதல், சண்டை, தூக்கிவிடுதல், கதைக்காட்சி. சண்டை நிலைக்குள் ஒரு மரம், ஏனென்றால் அங்கே நிபந்தனைகள் அதிகம், முன்னுரிமை அடிக்கடி மாறும், நின்று யோசிக்க நேரமும் இல்லை. உலவும் நிலைக்குள் மரம் வேண்டாம். அங்கே நிதானம்தான் முக்கியம். அன்ரியல் 5இல் ஸ்டேட்ட்ரீ என்ற கருவி சேர்ந்திருப்பதும் ஏறக்குறைய இதே திசையில்தான்: நிலைகள் அடுக்கடுக்காக இருக்கும், எந்த நிலைக்குள் நுழைவது என்பதை மரம்போல மேலிருந்து கேட்டுத் தீர்மானிக்கும்.

உச்சியில் நிலைகளை வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சேவ் ஃபைல். ஆட்டக்காரர் விளையாட்டைச் சேமித்துவிட்டுப் போய் மறுநாள் வருகிறார். ஸ்டேட் மெஷினில் சேமிக்க வேண்டியது நிலையின் பெயரும், அந்த நிலைக்கு உரிய ஓரிரு எண்களும். மரத்தில் எந்த இலை ஓடிக்கொண்டிருந்தது, பிளாக்போர்டில் எந்தக் கொடி எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். அடுத்த பேட்ச்சில் ஒரு கிளையை இடம் மாற்றியிருந்தால் பழைய சேவ் ஃபைல் தப்பான இலையைச் சுட்டும். அதனால் பலர் மரத்தைச் சேமிப்பதே இல்லை, திறந்ததும் உச்சியிலிருந்து புதிதாக ஓடவிடுகிறார்கள். சண்டைக்கு அது போதும். ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது கதைக்காட்சியின் ஒரு பகுதி என்றால், சேவ் ஃபைலைத் திறந்ததும் துணைவர் கதவை விட்டுவிட்டு ஆட்டக்காரரை நோக்கி நடந்து வருவார். கதவு சாத்திக்கொள்ளும், அந்தப் பக்கம் போக வழியிருக்காது.