திருகோணமலையில் காளான்: மரத்தூளா, வைக்கோலா?

இலங்கையில் சிப்பிக்காளான் என்றாலே மரத்தூள் பைதான். ரப்பர் மரத்தூளோடு தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து பொலித்தீன் பையில் இறுக்கி, வாயில் வளையமும் பஞ்சும் வைத்து, பரலில் மணிக்கணக்காக அவிப்பார்கள். தமிழ்நாட்டில் வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் போட்டு, ஈரம் வடித்து, இடையிடையே வித்துத் தூவிப் பை கட்டுகிறார்கள். மரத்தூள் பையில் வெண்மை படரவே ஒரு மாதமாகும்; பிறகு இரண்டு மூன்று மாதம் காய்க்கும். வைக்கோல் பை 45 நாளில் முடிந்துவிடும்.

ரப்பர் மரத்தூள் திருகோணமலைக்கு லொறியேறித்தான் வரவேண்டும். வைக்கோலோ கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் அறுவடைக்குப் பின் கிடக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு வைக்கோலே என் கட்சி. 45 நாளில் பிழை தெரிந்துவிடும், அடுத்த தொகுதியில் திருத்தலாம்.

பத்தடிக்குப் பத்தடி கிடுகுக் கொட்டில் போதும். நடுவே படங்கு கட்டி இரண்டாக்கிக்கொள்ளுங்கள்: வித்துப் படர இருட்டான பகுதி, காய்க்க வெளிச்சமும் காற்றும் உள்ள பகுதி. தரையில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிலும் ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும்.

வாரம் 25 பை கட்டுவதாக வையுங்கள். ஒரு பைக்கு அரைக்கிலோ காய்ந்த வைக்கோல். கைபழகாதவருக்கு ஐந்து பை கெடும் என்றே கணக்கிடுவது நல்லது. மீதி 20 பையும் சராசரி 400 கிராம் தந்தால் தொகுதிக்கு 8 கிலோ, அதாவது 200 கிராம் பொதி 40. முதல் பறிப்பில்தான் பெரும்பகுதி வரும்.

பைகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். வைக்கோலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், சொட்டு விழக்கூடாது. பச்சைப் பூஞ்சணம் கண்ட பையைத் திறக்காமலே வெளியேற்றிவிட வேண்டும். குடைபோல் முளைத்து மை போல் கரையும் காளான் வந்தால், வைக்கோல் சரியாக வேகவில்லை அல்லது ஈரம் மிஞ்சிவிட்டது.

கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை வேறு சிக்கல். கொட்டிலுக்குள் 30 பாகை தாண்டினால் சிப்பிக்காளான் சுணங்கும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வெளிநாட்டார் நிறைவதும் அதே மாதங்களில்தான். இந்த வெப்பத்துக்குத் தமிழ்நாடு கண்ட வழி பால்காளான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் ஏபிகே 2 ரகம் 35 பாகையிலும் விளையும். படர்ந்த பையைக் குறுக்கே வெட்டி, அவித்த மண்ணை மேலே மெல்லிதாகப் பரப்பும் ஒரு வேலை கூடுதல். ஆனால் சிப்பிக்காளான் வெளியே ஒரு நாளில் வாட, பால்காளான் மூன்று நாளாவது நிற்கும். வித்து எங்கே கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நகரக் கடைகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி வாங்குவோர் அதிகம். வியாழன் மாலை பறித்து, நீர் தெளிக்காமல், துளையிட்ட பையில் அடைத்து, வெள்ளி காலை கடைக்குக் கொடுங்கள். பிறிட்ஜ் உள்ள கடையாகப் பாருங்கள். முதல் மாதம் கடைக்குப் பத்துப் பொதிக்கு மேல் வேண்டாம். விற்காததைத் திருப்பி எடுப்பதாகச் சொன்னால்தான் கடைக்காரர் அடுத்த வாரமும் வாங்குவார்.