முகங்களைத் தொடாத பழுப்பு

சிலிபின் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் இறந்து பதினாறாம் நாளுக்குப் படம் பெரிதாக்கினாலும், லூர்து மாதா ஆலய விழாவுக்கு மலர் அச்சிட்டாலும், தோட்டத்துப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எப்படியும் பழுப்பாகித்தான் வெளியே வருகிறது. அண்மைக் காலமாக நீலமும் சேர்ந்திருக்கிறது. படத்திருத்தி மென்பொருளில் செப்பியா ஒரு பொத்தான், சயனோடைப் இன்னொரு பொத்தான். அழுத்தினால் படம் பழையதாகத் தெரிகிறது, குடும்பத்தார் மகிழ்கிறார்கள். ரசனையைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. சாயம் ஏற்றினால் படத்தின் நிறம் மட்டும் மாற வேண்டும், அதன் ஒளி நிழல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இந்தப் பொத்தான்களை எடைபோடுகிறேன்.

முதலில், பழைய படங்கள் உண்மையிலேயே பழுப்பாகத்தான் இருந்தனவா? ஒரு காலத்துப் படங்கள் அப்படித்தான் இருந்தன. சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் எடுத்த படங்களின் பழுப்பு, அன்றைய அச்சுத்தாளிலேயே பிறந்த நிறம். பின்னால் ஜெலட்டின் தாள் வந்ததும் படம் நடுநிலைக் கறுப்புக்கு மாறியது. அதன்பின் செப்பியா வேண்டுமென்றால் அச்சிட்ட படத்தை பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த நீரில் வெளுக்க வைப்பார்கள். உருவம் மங்கி வெளிர்மஞ்சளாகும். நன்றாக அலசிவிட்டு சோடியம் சல்பைடு கரைசலில் இட்டால், அழுகிய முட்டை நாற்றத்தோடு உருவம் பழுப்பாகத் திரும்பி வரும். இதில் வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிவிடுகிறது. வெறும் வெள்ளியைவிட அது காற்றையும் ஈரத்தையும் அதிகம் தாங்கும். அந்த வேலைக்கு நிறத்தோடு ஆயுளும் கிடைத்தது.

மென்பொருள் செப்பியாவில் அந்த ஆயுள் இல்லை. மிஞ்சுவது நிறம் மட்டும்தான். மலாயாவில் 1948இல் அவசரகாலம் தொடங்கி அடையாள அட்டைக்குப் பதிவு நடந்தபோதும், அதற்குப் பின் தோட்டங்களில் குழுப்படம் எடுத்தபோதும் புழங்கியது ஜெலட்டின் தாள்தான். அந்தப் படங்கள் இன்று நம் பெட்டிகளில் பழுப்பேறிக் கிடந்தால் அதற்குப் பெரும்பாலும் சரியாக அலசாத தாளும் இந்த ஊரின் ஈரமும் காரணம். பொத்தானை அழுத்துகிறவர் பழைய கலையைக் கொண்டுவருவதாக எண்ணுகிறார். பல படங்களில் அவர் கொண்டுவருவது படத்துக்கு நேர்ந்த கேட்டின் நிறத்தை.

இது வரலாறு சார்ந்த குறை, மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத குறை கணக்கில் இருக்கிறது. இணைய உலாவிகள் `filter: sepia(1)` என்ற கட்டளைக்குச் செய்வது இதுதான். பல செயலிகளிலும் இதே எண்கள் புழங்குகின்றன:

```
R' = 0.393R + 0.769G + 0.189B
G' = 0.349R + 0.686G + 0.168B
B' = 0.272R + 0.534G + 0.131B
```

கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று நிறமும் ஒரே எண். ஆகவே ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்த்தால் போதும். சிவப்பு 1.351 மடங்காகிறது, பச்சை 1.203 மடங்காகிறது, நீலம் 0.937க்குக் குறைகிறது. பூச்சியம் முதல் 255 வரை உள்ள அளவில், 189ஐத் தொட்டதும் சிவப்பு உச்சியில் முட்டி நின்றுவிடும். 212இல் பச்சையும் முட்டும். அதற்கு மேல் உள்ள எல்லா வெளிச்சத்தையும் பிரித்துக் காட்ட நீலம் ஒன்றுதான் மிச்சம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு நூற்றுக்கு ஏழுதான்.

பெரட்டுக் களத்தில் எடுத்த குழுப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் லயம், முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பால்மரம் வெட்டுகிறவர்கள். வேட்டி மடிப்பின் நிழல் 215, அதன் மேடு 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 25 படி வேறுபாடு இருப்பதால் மடிப்பு தெளிவாகத் தெரியும். பொத்தானை அழுத்தியதும் நிழல் (255, 255, 201), மேடு (255, 255, 225). கண்ணுக்கு எட்டும் வேறுபாடு இரண்டு படிகூட இல்லை. மடிப்பு போய், வேட்டி வெட்டி ஒட்டிய தாள்போல் தட்டையாகிறது. அதே படத்தில் ஒருவரின் முகம் 70இல் இருந்தால் அது (95, 84, 66) ஆகிறது, அதாவது வெளிச்சத்தில் ஏறக்குறைய 85. முகம் வெளுத்துவிட்டது. யாரும் கேட்காமலே, பழைமை என்ற பெயரில், நம் பாட்டன்மாரின் கரிய முகத்தைச் சூத்திரம் சிவப்பாக்கியிருக்கிறது. வெயிலில் கறுத்த தோலும் வெளுத்த வேட்டியும்தான் தோட்டப் படத்தின் இரண்டு முனைகள். இந்தக் கணக்கு கைவைப்பது சரியாக அந்த இரண்டிலும்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சிவப்பொளியை உணராத பழைய படச்சுருள்கள் பழுப்புத் தோலை உள்ளதைவிடக் கருமையாகக் காட்டின, ஆகவே கொஞ்சம் வெளுப்பது திருத்தம்தானே என்பார்கள். படச்சுருள் அப்படிப்பட்டதுதான் என்று தெரிந்தால் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் அதை அறிந்து, தனியே, அளவோடு செய்ய வேண்டும். சாயப் பொத்தானின் பக்கவிளைவாக எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் வருவதைத் திருத்தம் என்று ஏற்க முடியாது.

மாற்று வழி கடினமில்லை. கிம்ப்பில் `Colors > Curves` திறந்து, பச்சையைத் தொடாமல் விடுங்கள். சிவப்பில் நடுப்புள்ளி 128ஐ 140க்கு ஏற்றுங்கள், நீலத்தில் 128ஐ 105க்கு இறக்குங்கள். இரு முனைகளையும் அசைக்க வேண்டாம். நடுச்சாம்பல் (140, 128, 105) என்ற இதமான பழுப்பாகும், அதன் வெளிச்சம் 129, ஒரு படிதான் நகர்ந்திருக்கிறது. முனைகள் அப்படியே நிற்பதால் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் இருக்கும். அரைகுறையாக வெளுத்துச் சாயமேற்றிய உண்மையான அச்சிலும் அடர்ந்த நிழல் கறுப்பாகவே தங்கிவிடுவதைப் பார்க்கலாம். தொடங்குமுன் `Image > Precision` சென்று 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வானத்தில் படிப்படியாகக் கோடு விழும்.

செய்தது சரியா என்று கண்ணை நம்பி முடிவுசெய்யக் கூடாது, ஏனென்றால் பழுப்பு எதையும் அழகாகக் காட்டிவிடும். சாயமேற்றிய படத்தை ஒரு நகலெடுத்து `Colors > Desaturate > Desaturate` என்பதில் `Luma` முறையில் மீண்டும் சாம்பலாக்குங்கள். அதை மூலப்படத்தின் மேல் அடுக்காக வைத்து, அடுக்கின் முறையை `Difference` ஆக்குங்கள். எதுவும் நகரவில்லை என்றால் திரை கறுப்பாக இருக்கும். பொத்தான் வழிப் படத்தை இப்படி வைத்தால் முகங்களும் சட்டைகளும் சாம்பலாக மேலெழுந்து நிற்கும். வளைகோட்டு வழியில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலோர் அதைத் தவறவிடுகிறார்கள். கறை படிந்த அச்சை ஸ்கேன் செய்து நேராகச் சாயமேற்றினால் கறையின் பழுப்பும் புதிய பழுப்பும் கலந்து, எது கறை, எது நிழல் என்று பிரிக்க முடியாமல் போகும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மஞ்சள் கறை நீல அலைவரிசையில் கருப்பாக நிற்கும், சிவப்பு அலைவரிசையில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். `Colors > Components > Extract Component` என்பதில் சிவப்பை மட்டும் எடுத்தால் தேநீர்க் கறையும் கோந்துக் கறையும் பாதிக்கு மேல் தானே போய்விடும். உருவமே மஞ்சளாகி மங்கியிருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது எஞ்சிய விவரம் நீலத்தில்தான் கிடைக்கும். படத்துக்குப் படம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செப்பியாவின் பக்கம் ஒரு உறுதியான நியாயமும் இருக்கிறது. கடைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தாளில்தான் அச்சிடுகிறார்கள். இயந்திரம் சிறிது பிசகினாலும் சாம்பல் நிறம் பச்சையடிக்கும், அல்லது ஊதா கலக்கும். இறந்தவரின் முகத்தில் பச்சை ஏறினால் வீட்டார் தாங்க மாட்டார்கள். மேலே சொன்ன அளவில் மெல்லிய பழுப்பு இருந்தால் அந்தப் பிசகு அதற்குள் அடங்கிவிடும். கூடத்தில் மாட்டப் பெரிதாக்கும் படத்துக்கு இந்தக் காரணத்துக்காகவே நான் செப்பியாவை ஆதரிக்கிறேன்.

நீலத்துக்கு இப்படி ஒரு நியாயம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப்பில் இரும்பு உப்பைத் தாளில் பூசி வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் பிரஷ்யன் நீலம் தங்கும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் நேராக வைத்து நீலப் பின்னணியில் வெண்ணிற உருவங்கள் எடுத்தார். பிறகு அது பொறியாளர்களின் முறையானது. கட்டடமோ பாலமோ சுரங்கமோ, வரைபடங்களை நீலத்தில் வெள்ளைக் கோடாகப் படியெடுத்தார்கள். முகம் எடுக்க ஸ்டூடியோக்கள் நாடிய முறை அல்ல அது.

அதற்கு ஒளியியல் காரணமும் உண்டு. சயனோடைப்பில் கறுப்பு கிடையாது. அதன் அடர்ந்த நிழலும் நீலம்தான். பொத்தான்கள் நிழலைக் கறுப்பாகவே விட்டு நடுவில் மட்டும் நீலம் பூசுவதால் அவை சயனோடைப்பாகவே தோன்றுவதில்லை. உண்மைக்கு நெருங்க `Colors > Map > Gradient Map` எடுத்து, நிழல் முனையில் (12, 34, 70), ஒளி முனையில் தாளின் வெள்ளை என்று வைக்க வேண்டும். அப்படி வைத்ததும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள நூறு படிகளில் அடியிலுள்ள பதின்மூன்று படிகள் இல்லாமல் போகின்றன. கரிய முகமும் அதன் பின்னால் உள்ள லயத்து நிழலும் பிரிந்து நிற்பது பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படிகளை ஒட்டித்தான். ஆக, பொய்யாகச் செய்தால் அது சயனோடைப் இல்லை, மெய்யாகச் செய்தால் முகம் நிழலோடு ஒட்டிவிடுகிறது.

எனவே என் தீர்ப்பு இது. ஒரே பொத்தானில் வரும் செப்பியாவைத் தோட்டப் படங்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. வளைகோட்டில், முனை அசையாமல், `Difference` சோதனையில் தேறிய செப்பியா அச்சுப் படத்துக்கு ஏற்றது. ஆனால் திரையில் பார்க்கவும் விழா மலரில் கறுப்பு மையில் அச்சிடவும் அது தேவையில்லை. அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படங்களுக்கும் வேண்டாம். அவற்றில் ஏற்கெனவே விவரம் குறைவு, பழுப்பு எதையும் கூட்டாது. சயனோடைப்பை மனிதர் உள்ள எந்தப் படத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். லயங்களும் ரப்பர் ஆலையும் வரையப்பட்ட பழைய தோட்ட வரைபடம் கிடைத்தால் அதற்கு நீலம் பொருந்தும். மூவிலைக் கொத்தாக இருக்கும் ரப்பர் இலையையும் நீலத்தில் எடுக்கலாம். அதற்கு மென்பொருளே வேண்டாம், பூசிய தாள்மேல் வைத்து சிலிபின் வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினாலே போதும். எந்தச் சாயம் ஏற்றினாலும், சாயமேறாத சாம்பல் கோப்பை டிஃப் வடிவில் தனியே வைத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, நிற்பவர் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும்.