கோப்பைக்கு ஒரு பெயர், உபயத்துக்கு ஒரு இடம்

ஊர்க் கபடிப் போட்டி நோட்டீஸ்களை ஒரு எழுத்து வகையாக எடுத்துப் படித்தால் என்ன என்று கொஞ்ச நாளாக யோசனை. டீக்கடைச் சுவரில் ஒட்டுவது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது, ஊர் முக்கில் ஃபிளெக்ஸாக நிற்பது எல்லாம் ஒரே வார்ப்புதான். பெயர்களை மறைத்துவிட்டு அந்த வார்ப்பை மட்டும் எழுதினால் இப்படி வரும்:

"அமரர் இன்னார் நினைவாக, இன்ன ஹார்டுவேர்ஸ் மற்றும் இன்ன ஜுவல்லரி இணைந்து வழங்கும், இன்ன நண்பர்கள் குழு நடத்தும் 7-ஆம் ஆண்டு மாபெரும் மின்னொளி கபடி தொடர் போட்டி."

இதில் யார் விட்டுப்போனது என்று பாருங்கள். ஊர்! அது கீழே எங்கேயோ "இடம்:" என்ற வரியில் சின்ன எழுத்தில் கிடக்கும். ஆனால் பக்கத்து ஊர் டீம் வேனில் ஏறும்போது இந்தத் தலைப்பில் ஒரு சொல்லைக்கூடச் சொல்வதில்லை. "கீழத்தெரு மேட்ச்சுக்குப் போறோம்" என்பார்கள், அவ்வளவுதான். ஆக, மக்கள் புழங்கும் பெயர் ஒன்று, அச்சில் இருக்கும் பெயர் இன்னொன்று. காசு கொடுத்தவர் பெயர் புழக்கத்தில் இல்லாத பெயருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நன்றி சொல்வதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நன்றி சொல்லணும், அதில் சந்தேகமே இல்லை. ஸ்பான்சர் இல்லாமல் லைட் எரியாது. ஆனால் மேலே உள்ள தலைப்பு மூன்று விதமான பெயர்களை ஒரே வரியில் குழப்புகிறது: நடத்துபவர் பெயர், இறந்தவர் பெயர், கொடுத்தவர் பெயர். முதல் இரண்டும் வருஷா வருஷம் அப்படியே இருக்க வேண்டியவை. மூன்றாவது மாறும். ஹார்டுவேர்ஸ்காரர் அடுத்த வருஷம் தராமல் போகலாம், வேறொருவர் அதிகம் தரலாம். மாறக்கூடியதைத் தலைப்பில் வைத்தால் போட்டியின் பெயரே ஆண்டுதோறும் மாறும். அப்புறம் "8-ஆம் ஆண்டு" என்று போடும்போது, எதனுடைய 8-ஆம் ஆண்டு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இதைவிடச் சங்கடம் நினைவுப் பெயருக்கு. விபத்தில் போன ஒரு பையனுக்காக அவன் வீட்டார் கோப்பை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை இரண்டு கடைகளோடு சேர்த்து எழுதினால், அதுவும் ஒரு விளம்பரதாரர் பெயர் போலத்தான் காதில் விழும். மைக்காரர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு "அடுத்த மேட்ச் டீம் ரெடியா இருங்க" என்று போய்விடுவார்.

இந்தச் சிக்கலுக்கு விடை நம்ம ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. கோயிலுக்கு மணி கொடுத்தவர் பெயர் மணியில் இருக்கும், படிக்கட்டு போட்டவர் பெயர் படிக்கட்டில் இருக்கும். உபயம் என்பது கொடுத்த பொருளின் மேல் எழுதப்படுவது. அது சாமி பெயரின் முன்னால் ஏறுவதில்லை. டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருப்பதை நாம் கிண்டல் பண்ணுவோம். ஆனால் அந்த டியூப்லைட்கூட இந்த நோட்டீஸை விட ஒழுங்கானது. பெயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது, அளவுதான் கொஞ்சம் பெரிசு.

திருவிழாவில் மண்டகப்படியும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ தெருவுக்கோ வியாபாரிகளுக்கோ உரியது. அன்றைக்கு அந்த மரியாதை முழுக்க அவர்களுக்கு. திருவிழாவின் பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

விளையாட்டில் இதற்குப் பழைய முன்னுதாரணம் டியூரண்ட் கோப்பை. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய கால்பந்துப் போட்டி. இன்றைக்கும் அதில் வெல்லும் அணிக்கு மூன்று கோப்பைகள் தருகிறார்கள்: டியூரண்ட் கோப்பை, சிம்லா மக்கள் 1904-இல் கொடுத்த சிம்லா கோப்பை, குடியரசுத் தலைவர் கோப்பை. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர், போட்டிக்கு ஒரே பெயர். ரஞ்சிக் கோப்பையில் இன்னொரு படி மேலே. கோப்பையைக் கொடுத்தவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். பெயர் வைத்தது 1933-இல் மறைந்த ரஞ்சித்சிங்ஜிக்கு. கொடுத்தவர் தன் பெயரை அதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நம் மாதிரி நோட்டீஸைத் திருத்திப் பார்ப்போம்.

கீழத்தெரு பொங்கல் கபடி, 7-ஆம் ஆண்டு
நடத்துவது: இன்ன நண்பர்கள் குழு
வெல்லும் அணிக்கு: இன்னார் நினைவுச் சுழற்கோப்பை
முதல் பரிசு ரூ. 20,000, உபயம்: இன்ன ஹார்டுவேர்ஸ்
இரண்டாம் பரிசு ரூ. 15,000, உபயம்: இன்ன ஜுவல்லரி
மின்விளக்கு, வீரர்கள் சாப்பாடு, ஜெர்சி: ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர்

ஊர், காலம், ஆட்டம் ஆகிய மூன்றும்தான் தலைப்பு. "மாபெரும்" போய்விட்டது. எல்லா நோட்டீஸிலும் இருப்பதால் அது எதையும் சொல்லவில்லை. "மின்னொளி" இரவு ஆட்டம் என்ற தகவல், அது நேரம் சொல்லும் வரிக்குப் போகலாம். அடுத்த வருஷம் இன்னொரு குடும்பம் நினைவுப் பரிசு தர விரும்பினால் தலைப்பைத் தொட வேண்டாம். சிறந்த ரைடர் பரிசுக்கு அந்தப் பெயர் வைக்கலாம்.

ஸ்பான்சருக்கு இதில் நஷ்டமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏழு பெயரில் ஒன்றாக இருந்தவர் இப்போது ஒரு பொருளுக்கு முழுச் சொந்தக்காரர். இரண்டு அரையிறுதிகளையும் மண்டகப்படி மாதிரி ஆளுக்கொன்றாகக் கொடுக்கலாம். டாஸ் போடும்போதும் இடைவேளையிலும் மைக்கில் அவர் பெயர் மட்டும் வரும். முதல் பரிசுக் கவரை அவரே கையால் கொடுக்கட்டும். மறுநாள் எல்லார் ஸ்டேட்டஸிலும் வருவது அந்தப் படம்தான். அதனால் பரிசளிக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள பேனரில் கடைப் பெயர் பெரிசாக இருப்பது, தலைப்பில் இருப்பதைவிட அவருக்கு லாபம்.

ஆனால் மொத்தச் செலவையும் ஒருவரே ஏற்று, "தலைப்புல என் கடைப் பேர் வேணும்" என்றால்? பல ஊர்களில் நிலைமை இதுதான். மறுக்கவும் முடியாது. அப்போது ஒரே ஒரு பெயரை முன்னால் ஒட்டவைக்கலாம், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டு. ஐபிஎல் முன்னால் 2008-இல் டிஎல்எஃப் இருந்தது, பிறகு பெப்சி, விவோ, ட்ரீம்11 வந்து போயின, 2022-இல் டாடா வந்தது. எதை எடுத்தாலும் "ஐபிஎல்" நின்றது. சோதனை இதுதான்: அந்தச் சொல்லைக் கழற்றினால் மீதி தனியாக நிற்கிறதா? நம் பழைய தலைப்பில் எல்லாவற்றையும் கழற்றினால் "கபடி தொடர் போட்டி" என்பதுதான் மிஞ்சும். அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

அப்படி ஒட்டவைத்தாலும் சுழற்கோப்பையில் மட்டும் அந்த வருஷ ஸ்பான்சர் பெயரைப் பொறிக்கக் கூடாது. அதன் அடித்தட்டில் இடம் கொஞ்சம். அங்கே ஆண்டும் வென்ற அணியும் மட்டும் வரணும். ஸ்பான்சர் பெயர், வென்றவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் சின்னக் கோப்பையில் இருக்கட்டும். அந்த வருஷம் அவர் கொடுத்தது அதைத்தானே.