ஒரு டம்ளர் தண்ணீரும் நான்கு குடம் கழிவும்

தண்ணீர் சுத்திகரிப்பான் விளம்பரங்களில் இப்போது ஓர் அடக்கம் வந்திருக்கிறது. சமையல் மேடை, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளர், சன்னல் வெளிச்சம் ஊடுருவும் தண்ணீர், கீழே சிறிய எழுத்தில் கம்பெனிப் பெயர். கிருமிகள் நெளியும் உருப்பெருக்கிக் காட்சி இல்லை. வெள்ளைக் கோட்டு மருத்துவர் இல்லை. ‘நூறு சதவீதம் தூய்மை’ என்ற வாசகமும் இல்லை. விளம்பரத் துறையினர் இதை நேர்மையின் வெற்றி என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பியூரிட் தன் பாதுகாப்பை முன்வைத்து ஒரு கோடி ரூபாய் சவால் விட்டதையும், கென்ட்டுக்காக ஹேமமாலினி தூய்மைக்கு உத்தரவாதம் சொன்னதையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்த டம்ளர் ஆறுதல்தான். பயமுறுத்தி விற்பதைவிட இது மேல். சொல்லாததை யாரும் பொய் என்று வழக்குப் போட முடியாது என்பதும் சரி.

ஆனால் அந்த டம்ளரே ஒரு வாக்குமூலம். ‘தெளிவாக இருக்கிறது, ஆகவே குடிக்கலாம்’ என்று அது சொல்கிறது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது எவ்வளவு தவறான பாடம் என்று தெரியும். எங்கள் ஊர்ப் பேச்சில் தெளிந்த தண்ணீர், கலங்கிய தண்ணீர் என்ற பிரிவினை பெரிதில்லை. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்பதுதான் பிரிவினை. போர் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கண்ணை நம்பாமல் நாக்கையும் அடுப்பையும் நம்பித் தண்ணீரை எடை போட்ட ஊர்களுக்கு, கண்ணை மட்டும் நம்பச் சொல்லும் படத்தை நேர்மை என்று விற்கிறார்கள்.

ஏழாயிரம்பண்ணையில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அடுப்பு மேடைக்கு மேல் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி எதுவென்பது இங்கே முக்கியமில்லை. நான் டி.டி.எஸ். மீட்டர் கொண்டுபோயிருந்தேன். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஏறத்தாழக் காட்டும் பேனா அளவுக் கருவி அது. குழாயில் வந்த போர் தண்ணீர் 1,400 காட்டியது. இயந்திரத்திலிருந்து பிடித்தது 520. இரண்டு டம்ளரையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசமே இல்லை. பெரியம்மா கேட்டார்: “ஏய்யா, ரெண்டும் கண்ணாடி மாதிரிதான இருக்கு, பெறகென்ன?”

பிறகென்ன என்பதுதான் விஷயம். நல்ல நிலையில் உள்ள சவ்வு உப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுக்கும். 1,400 உள்ளே போனால் 140 அளவில் வெளியே வரவேண்டும். 520 வருகிறதென்றால் இரண்டில் ஒரு காரணம். பல இயந்திரங்களில் ருசிக்காக ஒரு கலப்புத் திருகு இருக்கிறது; அது சவ்வைச் சுற்றிக்கொண்டு போன தண்ணீரைச் சவ்வு வழி வந்ததோடு சேர்க்கும். அது திறந்து கிடக்கலாம். அல்லது சவ்வு தேய்ந்திருக்கலாம். திருகை முழுதும் மூடி, அரை மணி நேரம் ஓடவிட்டு, தொட்டியில் சேர்ந்திருந்ததை வடித்துவிட்டு மறுபடி அளந்தோம். 460. ஆக, திருகு சிறு குற்றவாளி, சவ்வுதான் போய்விட்டது. எத்தனை மாதமாக அப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் டம்ளர் ஒரு நாளும் நிறம் மாறவில்லை.

உப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, நாக்கு கொஞ்சம் காட்டிக் கொடுத்துவிடும். இது பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நிலம். பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் தண்ணீரில் சட்டென்று கரையும், நிறமில்லை, மணமில்லை. சிவகாசிப் பக்கத்து ஆலைகளின் அருகே நிலத்தடி நீரில் அது இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடலில் அது தைராய்டுக்குப் போகவேண்டிய அயோடினை மறிக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். மீட்டர் எண்ணுவதோ மில்லிகிராமில். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் அதில் ஒன்று. ஆகவே மீட்டருக்கும் அது தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் தெரியும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லுமே தவிர இதைத் தொடாது. நல்ல சவ்வு பெரும்பகுதியைத் தடுக்கும். கலப்புத் திருகைத் திறந்தால் தடுத்ததில் ஒரு பங்கு திரும்ப வந்து சேரும். எந்த ஊர்த் தண்ணீர், எந்த முறை, எந்த நிலை என்று கேட்காத ஒரு படம் இவ்வளவையும் மூடி மறைக்கிறது. அதை அடக்கம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

அந்தச் சட்டகத்துக்கு வெளியே இன்னொன்றும் இருக்கிறது: கழிவுக் குழாய். பெரியம்மா வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு இருபது லிட்டர். உள்ளே போவதில் நான்கில் ஒரு பங்குதான் நல்ல தண்ணீராக வருகிறதென்று வைத்துக்கொண்டால், எண்பது லிட்டர் ஏற்ற வேண்டும்; அறுபது லிட்டர் சாக்கடைக்கு. பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் நான்கு குடம். சவ்வு புதிதாக இருந்தால் அந்தக் கழிவில் உப்பு 1,400இலிருந்து 1,820 வரை ஏறியிருக்கும். தரை துடைக்கலாம், கழிப்பறையில் ஊற்றலாம். முருங்கைக்கு நாள்தோறும் ஊற்றினால் மண் வெளுக்கும். லாரித் தண்ணீருக்குக் குடக் கணக்கில் காசு கொடுக்கும் ஊர்களில் இந்த நான்கு குடத்தைக் காட்டாத விளம்பரம் செலவில் பாதியைச் சொல்லவில்லை.

மாவட்டத்தில் பல ஊர்களுக்குத் தாமிரபரணிக் கூட்டுக்குடிநீர் வருகிறது. ஆற்று நீர் வரும் நாளில் அதே வீட்டில் ஆர்.ஓ.வே வேண்டாம், கொதிக்க வைத்தால் போதும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த உப்புள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்திலேயே உத்தரவிட்டது. இந்திய நியமம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கதென்று சொல்லும் அளவும் அதே 500தான். அந்த எண்ணை அச்சிட ஒரு சின்ன வரி போதும். அச்சிட்டால், ஆற்று நீர் குடிக்கும் வீடுகள் இயந்திரம் வாங்காது. டம்ளர் ஏன் பேசாமல் நிற்கிறது என்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விளம்பரக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில்: முப்பது விநாடியில் வேதியியல் பாடம் நடத்த முடியாது. நடத்த வேண்டாம். அதே மேடை, அதே வெளிச்சம் இருக்கட்டும். டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டு எண்கள். கேமரா மெல்லக் கீழிறங்கி, கழிவுக் குழாய் சொட்டும் வாளியில் நிற்கட்டும். ‘வெளியே வரும் உப்பு உள்ளே போவதில் கால் பங்கைத் தாண்டினால் சவ்வை மாற்றுங்கள்’ என்று ஒரு குரல். இதற்குப் பதினைந்து விநாடி.

பெரியம்மாவுக்கு நான் எண்களால் விளக்கவில்லை. இரண்டு சில்வர் தட்டில் இரண்டு தண்ணீரையும் ஊற்றி மொட்டைமாடியில், மெல்லிய துணியால் மூடி, வெயிலில் வைத்தோம். ஒரு டம்ளர், இருநூறு மில்லி. சாயங்காலம் வற்றியபோது போர் தண்ணீர்த் தட்டில் வெள்ளைப் படலம், கால் கிராமுக்கும் சற்று மேல். இயந்திரத் தண்ணீர்த் தட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதல். அவர் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் மெக்கானிக்குக்குப் போன் போடச் சொன்னார்.