அச்சும் அச்சமும்

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1910இல் வரைந்த ஓவியம் ஒன்று ஸ்பெயினில், மாட்ரிட் நகரத்துத் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள நாற்காலியின் முன் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். பெயர் ஃப்ரான்ஸி. அவள் முகம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது, உதடு கடுஞ்சிவப்பு. அவளுக்குப் பின்னால், நாற்காலியின் முதுகு ஒரு நிர்வாணப் பெண்ணின் வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் இளஞ்சிவப்புச் சதை நிறம். மரத்துக்கு உயிருள்ள நிறமும் குழந்தைக்கு இல்லாத நிறமும் கிடைத்திருக்கின்றன.

ஜெர்மன் வெளிப்பாட்டியம், அதாவது எக்ஸ்பிரஷனிசம், என்ன செய்தது என்பதற்கு இந்த ஒரு படமே போதும். 1905இல் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் ‘பாலம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கிர்ஷ்னர் அவர்களில் ஒருவர். கண் பார்ப்பதை அப்படியே வரைவது கலையின் வேலையல்ல, மனம் படுகிற பாட்டுக்கு ஏற்ப உருவம் வளையலாம், நிறம் மாறலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆகவே முகம் பச்சையானது, தெரு சாய்ந்தது, விரல்கள் நீண்டன. அந்தக் காலத்து நகர வாழ்வின் பதற்றம் அந்தத் திரிபில் தெரிகிறது என்று கலை வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

என் கேள்வி எளிமையானது. அது யாருடைய பதற்றம்? ஃப்ரான்ஸி அந்தக் குழுவுக்கு மாடலாக வரத் தொடங்கியபோது அவளுக்கு எட்டு, ஒன்பது வயது. பல ஓவியங்களில் அவள் ஆடையின்றி இருக்கிறாள். படத்தில் வளைக்கப்பட்டது அவளுடைய உடல். வளைத்தது ஓவியனின் மனநிலை. அந்த அறையில் அவளுக்கு என்ன பயம் இருந்தது என்று அந்தப் பச்சை நிறம் சொல்வதில்லை. லினா ஃபிரான்ஸிஸ்கா ஃபேர்மன் என்ற முழுப்பெயரோடும் பிறந்த ஆண்டோடும் அவளை அடையாளம் காணப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த ஓவியங்களைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஓர் உடல் திரிக்கப்படும்போது, திரிக்கும் கை யாருடையது, திரிபடும் உடல் யாருடையது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை வரும் இடம் கேத்தே கோல்விட்ஸின் மரச்செதுக்கு அச்சுகள். 1867இல் பிறந்தவர். கணவர் பெர்லின் நகரின் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது அவருடைய இளைய மகன் பீட்டருக்குப் பதினெட்டு வயது. படையில் சேரத் தந்தையின் அனுமதி வேண்டும், தந்தை மறுத்தார். மகனுக்காகப் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவர் தாய். அந்த ஆண்டு அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். கோல்விட்ஸின் துயரத்தை வெறும் தாய்மைத் துயரம் என்று நாம் சுலபமாகக் கடந்துவிட முடியாது. அதில் குற்றவுணர்வும் கலந்திருக்கிறது.

அந்தத் துயரத்துக்கு வடிவம் கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை செம்புத் தகட்டிலும் கல்லிலும் அச்சுப்படம் செய்துவந்தவர் அவர். அவற்றில் சாம்பல் நிறத்தின் எல்லாச் சாயல்களும் வரும், நிழலை மெல்ல மெல்லக் கூட்டலாம். 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபின் மரத்துக்கு மாறினார். மரச்செதுக்கில் பலகையின் எந்த இடத்தைச் செதுக்கி எடுக்கிறோமோ அது வெள்ளையாகும். விட்ட இடம் மையை ஏந்திக் கறுப்பாகும். நடுவில் சாம்பல் கிடையாது. செதுக்கிய இடத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. மரத்தின் நாரோட்டத்துக்குக் குறுக்கே உளியைச் செலுத்தினால் மரம் எதிர்க்கும், சிம்பு பெயரும். கோடு முரடாவதில் பாதி கையின் விருப்பம், பாதி மரத்தின் பிடிவாதம்.

1921, 22 ஆண்டுகளில் அவர் ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு அச்சுகளைச் செதுக்கினார். ஏழில் ஒன்றில்கூடப் போர்க்களம் இல்லை. ‘தாய்மார்கள்’ என்ற அச்சைப் பாருங்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே கரும்பாறைபோல் நிற்கிறார்கள். எந்தச் சேலை எங்கே முடிகிறது என்று கேட்பதுபோல, எந்தக் கை எந்த உடலுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். அந்தக் கறுப்பின் அடியிலிருந்து குழந்தைகளின் முகங்கள் எட்டிப்பார்க்கின்றன. உடல்களைப் பிரிக்கும் கோடுகளைச் செதுக்காமல் விட்டதுதான் இங்கே திரிபு. கைகள் உடலின் அளவுக்குப் பெரியவை, ஆனால் ஒரு கைகூட யாரிடமும் கெஞ்சவில்லை. மூடுகின்றன, பிடித்துக்கொள்கின்றன, விடமாட்டேன் என்கின்றன. இப்படிப்பட்ட படங்களைப் படிக்கும்போது நான் முதலில் கைகளைத்தான் பார்ப்பேன். பெரிய கை எதையாவது செய்கிறதா, அல்லது பார்ப்பவரின் இரக்கத்துக்காக நீட்டப்பட்டிருக்கிறதா? கோல்விட்ஸைப் போலச் செய்த பல படங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

வெளிப்பாட்டியக் குழுக்கள் எதிலும் கோல்விட்ஸ் சேர்ந்ததில்லை. ஆனாலும் அந்த இயக்கம் கண்டெடுத்த கறுப்பு வெள்ளை மொழியில் ஒரு பெண் தன் அச்சத்தைத் தன் போன்ற உடல்களிலேயே எழுதியது அவரிடம்தான் இவ்வளவு தெளிவாக நடந்தது.

ஓர் அச்சுப்பலகையிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். அவை பயணம் போகும். அந்த ஏழு அச்சுகளில் ஒன்றான ‘பலி’யை, கொல்லப்பட்ட இளம் எழுத்தாளர் ஒருவரின் நினைவாக, 1931இல் சீன எழுத்தாளர் லூ சுன் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அதன் ஆசிரியர் டிங் லிங் என்ற பெண் எழுத்தாளர். சீனத்தில் அதைத் தொடர்ந்து வளர்ந்த மரச்செதுக்கு இயக்கமும் கோல்விட்ஸின் படங்களும் வங்கத்து இடதுசாரி ஓவியர்களை வந்தடைந்தன. 1943 பஞ்சத்தின்போது சித்தபிரசாத் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், பட்டினி கிடந்தவர்களை மையில் வரைந்தார். அந்தப் புத்தகத்தின் பிரதிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. அவருடைய தூண்டுதலில் வரையத் தொடங்கிய இளைஞர் சோம்நாத் ஹோர், பிறகு தேபாகா குத்தகை விவசாயிகள் போராட்டத்தை வரைந்து, மரத்திலும் செதுக்கினார்.

இங்கே என் முதல் கேள்வி வேறு வடிவில் திரும்ப வருகிறது. பஞ்சப் படங்களில் வற்றிய மார்போடு குழந்தையை ஏந்திய தாய் அடிக்கடி வருகிறாள். வரைபவர்கள் ஆண்கள், நோக்கம் நல்லது, கோபம் உண்மையானது. ஆனால் நாட்டின் பசிக்கெல்லாம் அவள் உடலே சின்னமாகிவிட்டால், அவள் யார் என்ற கேள்வி அங்கே மறைந்துவிடுகிறது. சித்தபிரசாத் பல கோட்டோவியங்களில் அந்த மனிதரின் பெயரையும் குறித்துவைத்தார். அந்தச் சிறு குறிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃப்ரான்ஸிக்குக் கிடைக்காதது அது.

சோம்நாத் ஹோர் வேறொரு வழியில் போனார். சாந்திநிகேதனில் அச்சுக்கலை கற்பித்துக்கொண்டிருந்த 1970களில் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். அதில் தாயும் இல்லை, பிணமும் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே கிழிசல்கள், துளைகள், வீக்கங்கள். முறை இதுதான்: களிமண் பலகையைக் கத்தியாலும் கூர்முனைகளாலும் கீறிக் குத்த வேண்டும். அதன்மேல் சிமெண்ட் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். சிமெண்ட் இறுகியபின் அதில் காகிதக் கூழை அழுத்தி, உலரவிட்டு உரித்தெடுக்க வேண்டும். மரச்செதுக்கில் படம் இடம் வலமாக மாறும். இங்கே இரண்டு முறை புரள்வதால் களிமண்ணில் பள்ளமாக இருந்தது தாளிலும் பள்ளமாகவே வரும். மை இல்லை, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தின் நிழல்தான் கோடு.

எங்கள் திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, பொம்மையோ விளக்கோ எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வேலை செய்யும் ஒரு அக்காவிடம் இந்த வரிசையின் புகைப்படம் ஒன்றைக் காட்டினேன். அவர் படத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மண்ணு நல்லா ஈரமா இருக்கறப்பவே கீறியிருக்காங்க டீச்சர். காஞ்ச பின்னாடி கீறியிருந்தா ஓரம் இப்படி உதடு மாதிரி எழும்பாது, வெட்டுன மாதிரி நிக்கும்.” கலைநூல்கள் அந்த மேடிட்ட ஓரத்தைத் தழும்பு என்கின்றன. அவர் சொன்னதைக் கேட்டபின் எனக்கு அது இன்னும் கூர்மையாகப் புரிந்தது. மண் இறுகுமுன் பட்ட காயம் அது. யாரும் தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்குக் கெட்டிப்படாத நேரத்தில் பட்டது.

உடலை விட்டுவிட்டுக் காயத்தை மட்டும் வைத்துக்கொண்டதால், பெண்ணுடலைச் சின்னமாக்கும் சிக்கல் இங்கே எழவில்லை. ஆனால் ஒரு விலையும் இருக்கிறது. காயம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. யார் குத்தியது, யாருக்குப் பட்டது என்று தாள் சொல்வதில்லை. கோல்விட்ஸின் தாய்மார்கள் முன் நின்றால் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியும். இந்த வெள்ளைத் தாளின் முன் வலி தெரியும், வரலாறு தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டியவர் ரேபா ஹோர். 1926இல் பிறந்தவர், பொருளாதாரம் படித்து, பின் கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். சோம்நாத் ஹோரின் மனைவி என்ற அடைமொழியோடுதான் அவர் பெயர் பெரும்பாலும் வருகிறது. அவர் வண்ணக்கட்டியாலும் எண்ணெய் வண்ணத்தாலும் வரைந்தார், சுடுமண்ணிலும் உருவங்கள் செய்தார். அவசரமான தடித்த கோடுகள், பொருளின் இயல்பு நிறத்தைப் பொருட்படுத்தாத வண்ணங்கள், நெளிந்த உருவங்கள். இலக்கணப்படி பார்த்தால் வெளிப்பாட்டியத்துக்கு அவர் கணவரைவிட நெருக்கமானவர். ஆனால் அவருடைய படங்களில் வருபவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள், நாய், பூனை. பஞ்சத்தையும் கட்சி வாழ்க்கையையும் அவரும் கண்டவர்தான். அந்தக் கலக்கம் வரலாற்றுக் காட்சியாக வராமல், உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளைச் சுற்றி அடங்காமல் ஓடும் கோட்டில் வருகிறது. பெண்கள் இங்கே எதற்கும் சின்னமில்லை. பக்கத்தில் இருப்பவர்கள், அவ்வளவுதான்.

திட்டக்குடியில் இருந்துகொண்டு இவற்றின் மூலப் படங்களை நாம் பார்ப்பது அரிது. கிர்ஷ்னரின் பச்சை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், ரேபா ஹோரின் சிவப்பும் அப்படித்தான். கோல்விட்ஸின் கறுப்பு அச்சுத் தாளில் அதிகம் இழப்பதில்லை, பலர் கைக்குப் போவதற்காகவே செய்யப்பட்டது அது. மாணவிகள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. ‘தாய்மார்கள்’ அச்சை ஒரு பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். அதன் பக்கத்தில் ஃப்ரான்ஸியின் படத்தை வையுங்கள். ஒரு படத்தில் பெண்கள் குழந்தைகளை யார் கண்ணிலும் படாமல் மூடிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் ஒரு குழந்தை, யார் யாரோ பார்ப்பதற்காக, நூறு ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.