மழைக்கு ஒரு கணக்கு

வீட்டு வாடகைக்கு ஒரு வங்கிக் கணக்கு, பிள்ளை படிப்புக்கு ஒன்று, கைச்செலவுக்கு ஒன்று என்று பெயர் சூட்டிப் பணத்தைப் பிரித்து வைக்கும் வழக்கம் மாதச் சம்பளக்காரர்களிடம் பரவியிருக்கிறது. ஒன்றாம் தேதி வரவு விழும், இரண்டாம் தேதி அதுவாகவே பிரிந்து போகும். இதைச் சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் வாரக்கூலிக்குப் பொருத்திப் பார்த்தால்தான் இதன் பலமும் ஓட்டையும் தெரிகின்றன.

பிரித்து வைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. விருதுநகர் நாடார் வணிகர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கினார்கள். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை இத்தகைய பொதுப்பணத்தில் வளர்ந்தது. காமராஜர் அங்கேதான் படித்தார். மகமையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. லாபம் எவ்வளவு என்று பார்க்கும் முன்பே பங்கு விலகிவிடும். விலகியது ஒதுக்கியவர் கையில் இருக்காது, நினைத்தபோது எடுக்க முடியாது. இன்றைய பெயர் சூட்டிய கணக்கு முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதைக் கோட்டை விடுகிறது. எல்லாக் கணக்குகளையும் ஒரே செல்போனில் யுபிஐயோடு இணைத்துவிட்டால், ‘படிப்பு’ என்ற பெயர் டீக்கடைப் பலகையில் ஒட்டிய க்யூஆர் அட்டையைத் தடுக்காது.

பட்டாசு ஆலைக் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல் செலவுகளைப் பிரிப்பது அல்ல, வாரங்களைப் பிரிப்பது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடும். கூடவே ஐப்பசி, கார்த்திகை மழை. மருந்து காயாது, வேலை நின்று நின்று ஓடும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாரம் 5,000 ரூபாய் வாங்குகிறார்கள், ஆண்டில் 46 வாரம் வேலை, 6 வாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாரம் 600 ஒதுக்கினால் 46 வாரத்தில் 27,600 சேரும். மீதி 4,400இல் குடும்பம் ஓடுகிறதென்றால், வேலையில்லாத 6 வாரத்துக்கு 26,400 வேண்டும். கணக்கு நேராகிறது, ஆலையிலோ வெளியிலோ முன்பணம் கேட்டு நிற்க வேண்டாம். இந்த ஒரே ஒரு பெயர், ‘மழை’, மற்றப் பத்துப் பெயர்களைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த 600 ரூபாய் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டுமே! சம்பளம் சனிக்கிழமை மாலை ரொக்கமாகக் கையில் வந்தால் அப்போது வங்கிக் கதவு சாத்தியிருக்கும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலையிலேயே திறக்காது. ஞாயிறு கறிக்கடையும் சீட்டுக்காரரும் கழித்தது போக, திங்களன்று என்ன மிஞ்சுமோ. கூலி நேராகக் கணக்கில் ஏறாத இடத்தில் இந்த முறை பாதி பலம் இழக்கிறது.

கணக்கு பெருகினால் வேறொரு இழப்பும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் முதன்முதலாக வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கிகள் அதிலிருந்து கழித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிச் செய்யக்கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு சொல்ல வேண்டியிருந்தது. குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வங்கியில் காலியாகக் கிடக்கும் கணக்கு இப்படித்தான் பணத்தைத் தின்னும். பட்டாசுத் தொழிலாளிக்கு இதைவிடக் கவலைக்குரியது பிரதமரின் விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாய், மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து கழியும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அந்தக் கணக்கைக் காலியாக விட்டு வேறு கணக்கில் பணத்தை வைத்திருந்தால் ஜூன் முதல் நாள் காப்பு இல்லை. மூன்று வங்கிகளில் கழிந்தாலும் 2 லட்சம் ஒருமுறைதான்.

மற்றொரு குறை, பெயர் கடனை மறைப்பது. ‘கல்யாணம்’ கணக்கில் 20,000 இருக்கிறது, ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 42 ரூபாய் வட்டி. அதே வீட்டில் இரண்டு வட்டிக்கு வாங்கிய 20,000 கடனுக்கு மாதம் 400 போகிறது. தொடமாட்டேன் என்ற வைராக்கியத்துக்கு மாதம் 358 ரூபாய் விலை. இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

மழைக் கணக்குக்கும் எல்லை உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆறு வாரத்துக்குச் சேர்த்தது ஆறு வாரத்தோடு தீரும். எந்தப் பெயரும் அதை நீட்டாது.

என் தீர்ப்பு: வாரக்கூலிக் குடும்பத்துக்கு இரண்டு கணக்கு போதும். ஒன்று வரவு செலவுக்கு. காப்பீட்டுப் பிரீமியமும் அதிலிருந்தே கழியட்டும். மற்றது அஞ்சலகத்தில், ஏடிஎம் அட்டையும் யுபிஐயும் இல்லாமல், பாஸ்புத்தகம் மட்டும். அங்கே குறைந்தபட்சம் 500 ரூபாய் கிடந்தால் போதும். மூன்றாவது கணக்கு தொடங்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு வட்டிக் கடனை அடைக்கட்டும்.