35-ஐ வென்ற 30

விண்டோஸ் லேப்டாப்புக்குள் ஒரு சின்ன எண் ஒளிந்திருக்கிறது. மெட்ரிக் என்று பெயர். அதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளாளுக்கு எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சாமான் வாங்கவில்லை, ஒரு பைசா செலவில்லை. இரண்டு வரி அடித்தேன், மாதக்கணக்கில் உயிரை வாங்கிய தொல்லை போயே போச்சு! இப்போது லேப்டாப்போடு யாரைப் பார்த்தாலும் "உங்க மெட்ரிக் எவ்வளவு?" என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் வீடு திருநீர்மலையில். ஃபைபர் நெட்டின் மோடம் கீழே கூடத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் மாடி அறைக்கு வருகிறது, அதுதான் என் ஆபீஸ். கரண்ட் போனால் மோடம் செத்துவிடும், அதற்கு யுபிஎஸ் கிடையாது. அப்போதெல்லாம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை வைஃபையில் இணைத்து வேலையைத் தொடர்வேன். கரண்ட் வந்ததும் கேபிளுக்கு உயிர் வரும். வைஃபையும் அப்படியே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே, கேபிள்தான் செருகியிருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் மத்தியானத்துக்குள் போனின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். போன் தோசைக்கல்லாகச் சுடும். மீட்டிங் நடுவில் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் எதிரில் இருப்பவர் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். நெட் லைன்காரத் தம்பி வந்து பார்த்தார். "சார், நம்ம லைன் பக்காவா இருக்கு, உங்க லேப்டாப்தான் அதுல வரவே மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு மாலை போட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஈதர்நெட்டுக்கு ஒரு வரைபடம், வைஃபைக்கு ஒரு வரைபடம் தனித்தனியாக ஓடும். என்னுடையதில் ஈதர்நெட் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வைஃபை கோடோ நம் மலையைப் போல எழும்பி நின்றது.

சரி, யார் சொல்லி இப்படிப் போகிறது? பவர்ஷெல்லைத் திறந்து இதை அடித்துப் பாருங்கள்:

```
Get-NetIPInterface -ConnectionState Connected |
  Sort-Object InterfaceMetric |
  Format-Table InterfaceAlias, AddressFamily, InterfaceMetric
```

கடைசியில் 75 என்று வருவது லேப்டாப் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் லூப்பேக், அதை விட்டுவிடலாம். என் லேப்டாப்பில் வைஃபைக்கு 30, ஈதர்நெட்டுக்கு 35. எந்த எண் சிறியதோ அந்த வழிக்கே முதல் மரியாதை. வெளியே போக இரண்டு கதவு திறந்திருந்தால், விண்டோஸ் இந்த எண்ணைப் பார்த்து ஒரே ஒரு கதவைத்தான் எடுக்கும். இரண்டிலும் பாதிப் பாதியாக அனுப்பி வேகத்தை இரட்டிப்பாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை.

இந்த 30-உம் 35-உம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பித்தே பிடித்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஒவ்வொரு இணைப்பின் லிங்க் வேகத்தையும் பார்த்து எண் போடுகிறது. விண்டோஸ் 10 முதல் வைஃபைக்கு ஓர் அட்டவணை, கேபிளுக்கு வேறோர் அட்டவணை. கேபிள் 200 மெகாபிட்டிலிருந்து 2 கிகாபிட்டுக்குள் இருந்தால் 25; 80-லிருந்து 200-க்குள் இருந்தால் 35. வைஃபை 500 மெகாபிட்டிலிருந்து 2 கிகாபிட்டுக்குள் இருந்தால் 30. என் போனின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் 866 மெகாபிட் என்று காட்டுகிறது, ஆகவே 30. கீழேயிருந்து வரும் கேபிள் 100 மெகாபிட், ஆகவே 35. கணக்கில் துளிப் பிசகில்லை. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த 866 என்பது லேப்டாப்புக்கும் மேஜை மேல் கிடக்கும் போனுக்கும் நடுவே உள்ள ஒரு முழ தூரத்தின் வேகம். போனிலிருந்து டவருக்கு எவ்வளவு வேகம், அதற்கு எவ்வளவு காசு என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. இங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்குக் குரோம்பேட்டை வழியாகவும் போகலாம், பம்மல், பல்லாவரம் வழியாகவும் போகலாம். வாசலில் எந்தத் தெரு அகலம் என்று மட்டும் பார்த்து வண்டியைத் திருப்புகிறவர் எப்படியோ, அப்படித்தான் இது.

கேபிள் ஏன் 100-இல் நிற்கிறது என்பதிலும் சுவாரசியம் உண்டு. மலிவான ஃபைபர் மோடம்கள் பலவற்றில் ஒரு துளை கிகாபிட்டாகவும் மற்றது 100 மெகாபிட்டாகவும் இருக்கும். எனக்கு வாய்த்தது 100. துளை கிகாபிட்டாகவே இருந்தாலும் கேபிள் சதி செய்யலாம். உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் நன்றாக இருந்தால்தான் கிகாபிட் கிடைக்கும். முனையில் ஒரு ஜோடி சரியாகப் படியாவிட்டால் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி, வேலை செய்வதுபோலவே இருக்கும். அதே லேப்டாப், அதே போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லையே வராது, ஏனென்றால் அவர் கேபிள் கிகாபிட். 25 வந்து 30-ஐ வீழ்த்திவிடும். (புது வைஃபை கார்டுகள் 2 கிகாபிட்டைத் தாண்டினால் அவற்றுக்கும் 25. அப்போது இரண்டும் சமம், அது தனி வேடிக்கை.)

இனி அந்த இரண்டு வரி. பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து,

```
Set-NetIPInterface -InterfaceAlias "Ethernet" -InterfaceMetric 10
Set-NetIPInterface -InterfaceAlias "Wi-Fi" -InterfaceMetric 60
```

அவ்வளவுதான்! உங்கள் லேப்டாப்பில் பெயர் "Ethernet 2" என்று இருந்தால் அதையே போட வேண்டும். 10-உம் 60-உம் மந்திர எண்கள் அல்ல. கேபிளுடையது சிறியதாக, நடுவில் தாராளமாக இடைவெளியோடு இருந்தால் போதும். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் இந்த எண்கள் அழியாது. ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' என்று குறித்தாலே விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அது அப்டேட் மாதிரியான பின்னணி வேலைகளைக் குறைக்கும், வழியை மாற்றாது.

மாறிவிட்டதா என்று பார்க்க இது:

```
Test-NetConnection 8.8.8.8
```

விடையில் InterfaceAlias என்ற வரியில் Ethernet என்று வந்த கணத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங்கோ, பாதியில் இருக்கும் டவுன்லோடோ பழைய வழியிலேயே தொடரக்கூடும். அந்த இணைப்பு தொடங்கும்போதே வைஃபையின் முகவரியோடு தொடங்கிவிட்டது. நடுவழியில் முகவரி மாறாது. மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து திரும்பச் சேர வேண்டும், ஆபீஸ் விபிஎன்னையும் ஒருமுறை துண்டித்து இணைக்க வேண்டும். "எண்ணை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இதற்குப் பிறகும் யூடியூப் மட்டும் போனின் டேட்டாவைக் குடித்துக்கொண்டிருந்தது பாருங்கள், அங்கேதான் கதை இன்னும் ருசியாகிறது. இணையத்தில் முகவரிகள் இரண்டு வகை: பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6. எங்கள் வீட்டு ஃபைபரில் பழையது மட்டும்தான் வருகிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டும் வருகின்றன. ஒரு தளத்துக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தால் லேப்டாப் வழக்கமாகப் புதியதைத்தான் முதலில் நாடும். கூகுள், யூடியூப் எல்லாவற்றுக்கும் புதியது உண்டு. அந்த வகையில் வெளியே போக இருக்கும் ஒரே கதவு வைஃபை. கதவு ஒன்றே ஒன்று என்றால் அதன் மெட்ரிக் 60 ஆனால் என்ன, 600 ஆனால் என்ன? போட்டி போட ஆளே இல்லையே!

கண்டுபிடிப்பது சுலபம். கேபிளும் ஹாட்ஸ்பாட்டும் இணைந்திருக்கும்போது,

```
ping -6 www.google.com
```

என்று அடியுங்கள். கேபிளில் ஐபிவி6 இல்லாத வீட்டில் இதற்குப் பதில் வந்தால் அது போன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நான் வைஃபையில் மட்டும் ஐபிவி6-ஐ நிறுத்திவிட்டேன்:

```
Disable-NetAdapterBinding -Name "Wi-Fi" -ComponentID ms_tcpip6
```

கரண்ட் போய் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது பழைய வகை முகவரியிலேயே எல்லாம் ஓடுகிறது, இதுவரை எதுவும் திறக்காமல் போனதில்லை. வேண்டாம் என்றால் Disable என்ற இடத்தில் Enable போட்டால் திரும்ப வந்துவிடும். கேபிளிலும் ஐபிவி6 வரும் வீடுகளில் இந்த வரி தேவையே இல்லை. முதலில் அடித்த இரண்டு வரிகளே இரண்டு வகைக்கும் எண்ணை மாற்றிவிடுகின்றன. அடாப்டரின் ப்ராபர்ட்டீஸ் பெட்டிக்குள் போய் ஐபிவி4-இன் கீழ் கையால் எண் போடுகிறவர்களுக்கு ஐபிவி6-இன் எண் மாறாது. அதனாலேயே நான் பவர்ஷெல் கட்சி.

இப்போது கரண்ட் போகும் அழகைச் சொல்ல வேண்டும். மோடம் அணைகிறது, கேபிளின் இணைப்பு அறுகிறது, 10 என்ற வழி பட்டியலிலிருந்தே காணாமல் போகிறது, அடுத்து நிற்கும் 60 வண்டியை எடுக்கிறது. மீட்டிங்கில் ஒரு தடுமாற்றம், தானாகவே திரும்ப இணைந்துகொள்கிறது. கரண்ட் வந்து மோடம் எழுந்ததும் புதிதாகத் தொடங்கும் எதுவும் கேபிளுக்குப் போகிறது. நான் மேஜையிலிருந்து கையைக்கூட நீட்டுவதில்லை. இந்த அழகை ரசிக்கவே கரண்ட் போகட்டும் என்று தோன்றுகிறது என்றால் மனைவி முறைக்கிறாள்.

தெருவில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் மட்டும் இந்த அழகு நடக்காது. மோடத்தில் LOS விளக்கு சிவப்பாகச் சிமிட்டும், ஆனால் மோடம் உயிரோடு இருப்பதால் கேபிளின் இணைப்பும் உயிரோடு இருக்கும். விண்டோஸோ அந்த 10-ஐயே பிடித்துக்கொண்டு முட்டுச்சந்துக்குள் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தில் நல்ல ஹாட்ஸ்பாட் இருந்தும். உபுண்டு இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அங்கே நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று போட்டுவிடுகிறது. வெளியே உண்மையில் நெட் இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்து, இல்லையென்றால் அந்த வழியின் எண்ணோடு 20000-ஐக் கூட்டிவிடுகிறது. 20100 ஆகிப்போன கேபிள் பின்னால் தள்ளப்பட, 600 முன்னுக்கு வருகிறது. விண்டோஸில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நானே கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன். லைன்காரத் தம்பி ஒட்டு போட்டுவிட்டுப் போன் செய்ததும் திரும்பச் செருகுகிறேன்.